149 ரூபாய் இணையதளத்தின் நாலாம் ஆண்டு

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு ரசீதை அனுப்பி, "இதென்ன, மூணு மடங்கு கேக்கிறான்?" என்று கேட்டார். மாதம் 149 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆரம்பித்த தளம் அது. யாரும் ஏமாற்றவில்லை, கட்டணம் எல்லாம் முதல் நாளே சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு இணையதளத்துக்கு வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எண்களைக் கொஞ்சம் வட்டமாக்கித் தருகிறேன். உங்கள் ரசீதில் அவை வேறாக இருக்கும்.

அவர் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது, கடைக்கு வூகாமர்ஸ். இரண்டும் இலவசம். பணம் போனது நான்கு இடங்களில். ஹோஸ்டிங் மாதம் 149 ரூபாய்தான், ஆனால் அந்த விலை 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும். 18% ஜிஎஸ்டியோடு 6,330 ரூபாய். .com டொமைன் முதல் வருடம் சலுகையில் 299. தளத்தின் தோற்றத்துக்கான தீம் 59 டாலர், ஒரே தடவை வாங்குவது. டாலருக்கு 90 ரூபாய் வைத்தால் 5,310. அப்புறம் கூடுதல் வசதிக்காக இரண்டு கட்டண பிளகின்கள்: எடைக்கு ஏற்ப கூரியர் கட்டணம் போட ஒன்று, பேக்கப் எடுக்க ஒன்று. வருடத்துக்கு 70 டாலரும் 50 டாலரும், அதாவது 10,800 ரூபாய். முதல் வருடம் 40% தள்ளுபடி போக 6,480.

ஆக, முதல் வருடம் 18,419. "தொடங்குற செலவு, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு வருடமும் அதை மெய்ப்பிப்பதுபோலவே நடந்தன. டொமைன் புதுப்பிப்பு 1,400, பிளகின்கள் முழு விலையில் 10,800, வருடத்துக்கு மொத்தம் 12,200. ஹோஸ்டிங் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் கண்ணில் படவில்லை. நாலாம் வருடம்தான் உண்மை வெளியே வந்தது. ஹோஸ்டிங்கின் புதுப்பிப்பு விலை மாதம் 449. வரியோடு வருடத்துக்கு 6,358. முன்பு மூன்று வருடத்துக்குக் கொடுத்த பணம் இப்போது ஒரு வருடத்துக்கே சரியாகப் போனது. அந்த வருட மொத்தம் 18,558.

இங்கே பலர் ஐந்து வருடச் செலவைக் கூட்டி ஐந்தால் வகுப்பார்கள். இவருக்கு அது 15,987 வரும். நான் அந்தச் சராசரியை நம்புவதில்லை. திரும்ப வராத தள்ளுபடிகள் அதற்குள் கலந்து கிடக்கின்றன. சலுகை எல்லாம் தீர்ந்த ஒரு வருடத்தை எடுத்து, எல்லாவற்றையும் புதுப்பிப்பு விலையில் போட்டால்தான் தளத்தைத் தாங்கும் செலவு தெரியும். அதாவது 18,558. தீமின் விலையையும் சேர்க்க வேண்டும். அதன் ஆயுள் ஐந்து வருடம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,062. டாலரில் கட்டும் தொகைக்கு அட்டை வங்கி 3.5% பிடித்து, அதற்கும் ஜிஎஸ்டி போட்டால் இன்னொரு 446. கிட்டத்தட்ட 20,000 ரூபாய். விளம்பரத்தின் 149-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,788 தான்.

தீம் ஒரே தடவை வாங்குவதுதானே, அதற்கு எதற்கு ஆயுள் என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தீம்ஃபாரஸ்ட் போன்ற சந்தையில் வாங்கும் தீமுக்கு ஆறு மாத உதவிதான் விலையில் சேர்த்தி. புது பதிப்புகள் இலவசமாக வரும், ஆனால் ஆசிரியர் அதைத் தொடர்ந்து பராமரிக்கும்வரை. அதைவிடச் சிக்கலானது தீமோடு 'இலவசமாக' வரும் பிளகின்கள். ஸ்லைடர் ரெவல்யூஷன் போன்றவை பல தீம்களோடு சேர்ந்தே வருகின்றன. அந்த உரிமம் தீம் ஆசிரியருடையது, உங்களுடையது அல்ல. அதனால் பிளகினைச் செய்தவர் திருத்தம் வெளியிட்டாலும் அது நேராக உங்களுக்கு வராது. தீம் ஆசிரியர் சேர்த்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். 2014-இல் இது பெரிய விபத்தாகவே முடிந்தது. அந்த ஸ்லைடரில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வந்த பிறகும், தீம்களுக்குள் பழைய பதிப்பு அப்படியே கிடந்தது. அந்த டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் அதன் வழியே நுழைய, கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைத் தடைப் பட்டியலில் போட்டது.

புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான வேர்ட்பிரஸ் பிளகின்கள் உரிமம் முடிந்த மறுநாள் நின்றுவிடுவதில்லை. நீங்கள் வருடந்தோறும் கட்டுவது புது பதிப்புகளுக்கும் உதவிக்கும்தான். அதனால் ஒரு வருடம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் ஹோஸ்டிங்காரர், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பதிப்பை மாற்றுவார். பிஎச்பி 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. அதற்காக எழுதப்பட்ட பழைய நிரல்கள் பல பிஎச்பி 8-இல் விழுந்தன. உரிமம் போயிருப்பதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. பிளகின் பக்கத்தில் புது பதிப்பு இருப்பதாகச் சொல்லி, பக்கத்திலேயே Automatic update is unavailable for this plugin என்று வரும். பட்டியலை மொத்தமாகப் பார்க்க, வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் WP-CLI சர்வரில் இருந்தால் இது போதும்:

```
wp plugin list --fields=name,status,version,update
whois உங்கள்-டொமைன்.com | grep -i expiry
```

இரண்டாவது வரி டொமைன் காலாவதியாகும் தேதியைக் காட்டும். அதைத் தவறவிடுவதுதான் மிக விலை உயர்ந்த பிழை. தேதி தாண்டினால் .com-க்கு முதலில் அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். அது டொமைனை விற்ற பதிவாளரைப் பொறுத்தது. பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது புதுப்பிப்புக் கட்டணத்தோடு தனி மீட்புக் கட்டணமும் கேட்பார்கள். அதன் பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுவுக்குப் போய்விடும்.

தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருக்கிறேனே என்று இருந்துவிடவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அட்டையிலிருந்து தானாக எடுக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். நண்பரின் ஹோஸ்டிங்கை மறுபடி 36 மாதத்துக்குப் புதுப்பித்தால் 19,074 ரூபாய். அது தானாகப் போகாது. நினைவூட்டல் மின்னஞ்சலோ தளம் கட்டிக்கொடுத்துவிட்டு வேலை மாறிப்போன பையனின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் அதை மாற்றினோம்.

பிறகு கூரியர் பிளகினைப் பார்த்தோம். அவர் விற்பது ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் கேன்கள், அவ்வளவுதான். எடைக் கணக்கே தேவையில்லை. வூகாமர்ஸிலேயே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஷிப்பிங் கிளாஸ் போட்டு, நிலையான கட்டணத்தில் `60 * [qty]` என்பதுபோல் எழுதினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. 70 டாலர் பிளகினை எடுத்துவிட்டு மூன்று ஆர்டர்களைச் சோதித்தோம். ஐந்து லிட்டருக்கு மட்டும் கட்டணம் குறைவாக வைத்திருந்தார், திருத்தினார்.