சீஸ்மோகிராம்: நிலநடுக்க வரைவு

கல்குவாரியில் வெடி வைத்து வீட்டு ஜன்னல் அதிர்ந்தாலே, அம்பாசமுத்திரம் பக்கம் யாராவது ஒருவர் கோடு கோடாக நடுங்கும் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். கூடவே, "சீஸ்மோகிராஃப் பாருங்க" என்று ஒரு வரி. படத்தில் இருப்பது சீஸ்மோகிராஃப் இல்லை, அது வரைந்த சீஸ்மோகிராம்.

கிரேக்கத்தில் 'சீஸ்மோஸ்' என்றால் நடுக்கம், 'கிராஃபைன்' என்றால் எழுதுவது. எழுதும் கருவி சீஸ்மோகிராஃப், எழுதப்பட்டது சீஸ்மோகிராம். தமிழில் கருவியை நிலநடுக்க வரைவி என்றும், அது தரும் கோட்டை நிலநடுக்க வரைவு என்றும் சொன்னால் குழப்பம் வராது. செய்திகளில் வரும் 'ரிக்டர் கருவி' என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ரிக்டர் என்பது அளவுகோல்.

வரைவில் தேட வேண்டியது இரண்டு வருகைகள். முதலில் வருவது பி அலை, பாடநூல் அதை முதன்மை அலை என்கிறது. அடுத்தது எஸ் அலை, அதாவது இரண்டாம் நிலை அலை. வந்து சேரும் வரிசைதான் பெயராகிவிட்டது. 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்துதான் புவியியலாளர் ஓல்டாம் இந்த அலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்.

உருளையில் சுற்றிய காகித வரைவைப் புத்தகம் போலவே இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். வரியின் வலது ஓரத்தில் நடுக்கம் தொடங்கினால் எஸ் அலை அடுத்த வரியின் இடது ஓரத்தில் இருக்கலாம். எப்போதும் இருக்கும் மெல்லிய சலசலப்பிலிருந்து கோடு திடீரென விலகும் இடம் பி அலையின் வருகை. ஆட்டம் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். அப்புறம் ஓரிடத்தில் வீச்சும் கூடும், ஆட்டமும் அகலமாகும். இரண்டும் சேர்ந்து மாறும் அந்த இடம்தான் எஸ். பலரும் இருப்பதிலேயே உயரமான முகட்டில் விரலை வைத்து, இதுதான் எஸ் என்கிறார்கள். முகடு பின்னால் வருவது, நமக்கு வேண்டியது தொடக்கம். பி அலையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே எஸ் வந்து சேர்வதால், அதன் தொடக்கத்தை ஒரு நொடி முன்பின்னாகக் குறிப்பது சகஜம்.

இனி பி, எஸ் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நிலநடுக்கம் எவ்வளவு தூரத்தில் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். கோட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் துள்ளல் இருக்கும், அது நிமிடக் குறி. கொடைக்கானலில் பதிவான வரைவின் படம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். பி, எஸ் இரண்டும் விழுந்த பகுதியில் அடுத்தடுத்த நிமிடக் குறிகளுக்கு நடுவே 240 பிக்சல். பி தொடக்கத்திலிருந்து எஸ் தொடக்கம் வரை 84 பிக்சல்.

```
84 ÷ 240 × 60 = 21 நொடி
21 × 8 = 168 கி.மீ.
```

எட்டால் ஏன் பெருக்குகிறோம்? பூமியின் மேலோட்டுப் பாறையில் பி அலை நொடிக்கு சுமார் 6 கி.மீ., எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. ஓடும். ஒவ்வொரு எட்டு கி.மீ.க்கும் எஸ் ஏறக்குறைய ஒரு நொடி பின்தங்கும். அப்படியானால் எஸ் தொடக்கத்தை ஒரு நொடி தவறிக் குறித்தால் எட்டு கி.மீ. போய்விடும்.

புகைப்படத்தில் இன்னொரு வம்பு உண்டு. சாய்வாக எடுத்த படத்தில் ஒரு ஓரத்தில் நிமிடம் 240 பிக்சலாகவும் மறு ஓரத்தில் 222 ஆகவும் இருக்கும். தவறான ஓரத்தை எடுத்தால் இதே 84 பிக்சல் 22.7 நொடியாகி, தூரம் 182 கி.மீ. ஆகிவிடும். அந்த 14 கி.மீ. என்பது நெல்லையிலிருந்து நாங்குநேரிக்குப் பாதி வழி. அதனால் பி, எஸ் இரண்டையும் அணைத்தாற்போல் இருக்கும் நிமிடக் குறிகளையே அளவுக்கு எடுக்க வேண்டும். குறி தெரியாதபடி ஓரம் வெட்டிய படத்தில் நொடிக் கணக்குப் போட வழியே இல்லை.

சரி, 168 கி.மீ. கிடைத்தது. கொடைக்கானலிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். உடனே "நம்ம ஊர்ல நிலநடுக்கம்" என்று அனுப்பிவிடக் கூடாது. தென்மேற்கே கொல்லம் பக்கமும் வடக்கே சேலம் பக்கமும் கிட்டத்தட்ட அதே தூரம். ஒரு வரைவு ஒரு வட்டத்தைத்தான் தரும், இடைவெளியில் திசை இருக்காது. மூன்று நிலையங்களின் வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே மையம்.

எட்டு என்ற எண்ணும் சில நூறு கி.மீ. வரைக்கும்தான் செல்லும். 2004 சுமத்ரா நிலநடுக்கத்தின் மையம் உவரி, இடிந்தகரை கடற்கரைக்கு சுமார் 2,100 கி.மீ. தொலைவு. அவ்வளவு தூரத்துக்கு இடைவெளி மூன்றரை நிமிடம் வரும். 210 நொடியை எட்டால் பெருக்கினால் 1,680 கி.மீ.தான் கிடைக்கிறது. தொலைவிலிருந்து வரும் அலைகள் பூமிக்குள் ஆழமாக இறங்கி, வேகம் கூடிய பாறை வழியே வருகின்றன. அந்தத் தூரங்களுக்குப் பயண நேர அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.