சூடான தேநீரும் பேப்பர் கப்பின் உட்படலமும்

பயன்படுத்தாத பேப்பர் கப் ஒன்றைக் கிழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டுவிட்டு, மறுநாள் அதன் உட்புறத்தை நகத்தால் மெல்ல நிமிண்டிப் பாருங்கள். காகிதம் கூழாகக் கரைந்து விலக, அதிலிருந்து கண்ணாடி போன்ற மெல்லிய தாள் ஒன்று முழுசாக உரிந்து வரும். சாலையோரக் கடையில் நாம் குடிக்கும் தேநீர் தொட்டுக்கொண்டிருப்பது காகிதத்தை அல்ல, இந்தத் தாளைத்தான். இது பெரும்பாலும் பாலிஎத்திலீன், அதாவது சாதாரண பிளாஸ்டிக் பைகளைச் செய்யப் பயன்படும் அதே பொருள்.

ஆலையில் இது பசை போட்டு ஒட்டப்படுவதில்லை. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் உருக்கிய பாலிஎத்திலீனைத் திரைபோல வழியவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தின் மீது உருளைகளால் அழுத்திப் படியவைக்கிறார்கள். படிந்த படலத்தின் தடிமன் 15 முதல் 20 மைக்ரான் வரைதான் இருக்கும். தலைமுடி ஒன்றின் பருமனில் கால் பங்கு அளவு. பிறகு கப்பைச் சுருட்டி, செங்குத்தாக ஓடும் விளிம்பைச் சூட்டினாலேயே ஒட்டுகிறார்கள். உள்ளே விரலை வைத்துத் தடவினால் அந்த இணைப்பு ஒரு சிறு படிபோலத் தட்டுப்படும். வெட்டுப்பட்ட அந்த விளிம்பில் மட்டும் படலம் கிடையாது. அங்கே வெறும் காகித இழை தேநீரில் நனைகிறது. சற்று நேரம் வைத்த கப் அந்த இணைப்பின் ஓரமாக முதலில் ஊறித் தளர்வதற்கு இதுவே காரணம்.

'சூட்டில் பிளாஸ்டிக் உருகித் தேநீரில் கலந்துவிடுகிறது' என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கவலையில் நியாயம் இருந்தாலும் விளக்கம் சரியல்ல. இவ்வகைப் பாலிஎத்திலீன் உருக 105 டிகிரிக்கு மேல் வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றும் தேநீர் அந்தச் சூட்டை எட்டாது. ஆனால், உருகாமலேயே ஒரு பிளாஸ்டிக் தன்னிடமுள்ளதை விட்டுக்கொடுக்க முடியும். படலத்தின் சில பகுதிகளில் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுக் கெட்டியாக இருக்கின்றன. அவற்றின் இடையே இழைகள் சிக்குப்பிடித்த நூல்கண்டுபோலத் தளர்வாகக் கிடக்கின்றன. சூடு ஏற ஏற இந்தத் தளர்ந்த பகுதி மேலும் நெகிழ்கிறது. அதன் விளைவாக இரண்டு வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலாவது, மூலக்கூறுகள் கசிவது. பிளாஸ்டிக்கைச் செய்யும்போது முழு நீளத்துக்கு வளராமல் நின்றுபோன குட்டை இழைகளும், சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்களும் நெகிழ்ந்த பகுதி வழியாக நகர்ந்து தேநீருக்குள் வருகின்றன. சூடும் நேரமும் கூடினால் இந்தக் கசிவும் கூடும். இவற்றில் பல எண்ணெய்ப்பசையில் கரைபவை என்பதால், கொழுப்புள்ள பால் தேநீர் வெறும் தண்ணீரைவிட அதிகமாக அவற்றை இழுத்துக்கொள்ளும். முழுக்கவே பிளாஸ்டிக்கால் ஆன, கையில் எடுத்தாலே நெளியும் கப்புகளில் இந்தக் கசிவுக்குத்தான் முதல் இடம். அவற்றில் ஒருவகை பாலிஸ்டைரீன். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருக்கும். அதில் எஞ்சியிருக்கும் அதன் மூலப்பொருளான ஸ்டைரீன், சூடான, கொழுப்புள்ள பானத்துக்குள் கசியக்கூடியது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற பிரிவில் சேர்த்தது. அது அந்தப் பொருளின் இயல்பைப் பற்றிய தீர்ப்பே தவிர, ஒரு கப் தேநீரில் இருக்கும் அளவைப் பற்றியதல்ல.

இரண்டாவது, படலத்திலிருந்து துகள்களே பெயர்ந்து வருவது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காரக்பூர் ஐஐடியைச் சேர்ந்த சுதா கோயல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை இந்தியாவில் பேசுபொருளாக்கியது. 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கிய 100 மில்லிலிட்டர் நீரைப் பேப்பர் கப்பில் ஊற்றி 15 நிமிடம் வைத்தபோது, அதில் மைக்ரான் அளவிலான சுமார் 25,000 பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டன. இத்தகைய சோதனையில் காற்றில் பறக்கும் ஆடை இழைகூடக் கணக்கில் ஏறிவிடும் என்பதால், அதே நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கழித்துப் பார்ப்பது அவசியம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்த 15 நிமிடம் சோதனைக்காக வைத்த நேரம், நின்றபடியே குடித்து முடிப்பவரின் கையில் தேநீர் அவ்வளவு நேரம் தங்குவதில்லை.

இன்னும் சிறிய துகள்களைத் தேடியபோது எண்ணிக்கை மலைக்கவைத்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கொதிநீர் ஊற்றிய பேப்பர் கப்பிலிருந்து எடுத்த நீரைப் பனிபோலத் தெளித்து, துளிகளை உலர்த்தி, எஞ்சிய துகள்களை அளவுவாரியாகப் பிரித்து எண்ணினார்கள். லிட்டருக்கு லட்சம் கோடிக்கு மேற்பட்ட துகள்கள் கிடைத்தன. பெரும்பாலானவற்றின் குறுக்களவு 30 முதல் 80 நானோமீட்டர் வரை. ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.

இதை ஒரு கப் தேநீருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு லட்சம் கோடி என்றே வைத்துக்கொண்டால், 100 மில்லிலிட்டரில் பத்தாயிரம் கோடித் துகள்கள். ஒவ்வொன்றும் 50 நானோமீட்டர் உருண்டை என்று கொண்டு பெருக்கினால், எல்லாம் சேர்ந்த எடை சுமார் 6 மைக்ரோகிராம்தான். கால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு பிளாஸ்டிக் மணியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே. உணவைத் தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம் வரை கசியலாம் என்பது இந்திய விதிகளின் உச்ச வரம்பு. 100 மில்லிலிட்டருக்கு அது 6 மில்லிகிராம் ஆகிறது. நம் கணக்கில் வந்த எடை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே இவ்வளவு துகள்களைத் தேநீரில் விட்டபிறகும் அந்தக் கப் எடைச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

ஆனால் எடையும் துகளும் ஒன்றல்ல என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஒற்றை மணியை அப்படியே விழுங்கினால், அது குடலைக் கடந்து வெளியேறிவிடும். 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை உடல் உறிஞ்ச வாய்ப்பில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை கூறுகிறது. அதே எடையை 50 நானோமீட்டர் துகள்களாக நொறுக்கினால், உடலைத் தொடும் மேற்பரப்பு 5,000 மடங்காகிவிடுகிறது. செல்களுக்குள் நுழையக்கூடிய அளவும் அதுவே. மொத்த எடையை மட்டும் அளக்கும் விதி, கரைந்து கசிவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எண்ணிக்கையும் மேற்பரப்பும் அதன் பார்வையில் படுவதே இல்லை. இந்தத் துகள்கள் நோய் உண்டாக்குகின்றன என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது; கப் பாதுகாப்பானது என்று அந்த எடைச் சோதனையில் தேறியதை வைத்துச் சொல்லவும் முடியாது.

சூடு, நேரம், கொழுப்பு ஆகிய மூன்றில் குடிப்பவர் கையில் இருப்பவை முதல் இரண்டும்தான். ஆற்றுவதாக இருந்தால் கப்பில் ஊற்றிய பிறகு ஆற்றக் கூடாது. கொதிக்கும் தேநீரைப் படலத்தின் மீது ஊற்றிக் காத்திருப்பதும், அந்த ஆய்வகச் சோதனைகளில் செய்ததும் ஒன்றேதான். குவளையிலேயே இரண்டு மூன்று முறை தூக்கி ஆற்றித் தரச் சொல்லலாம். கண்ணாடி கிளாஸிலோ எவர்சில்வர் டம்ளரிலோ இந்தப் படலமே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது, கிளாஸ்களை ஓடும் நீரில் கழுவுகிறார்களா, ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா என்பதை.