இரவோடிரவாகத் தொலையும் பூச்சியங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வி நிலையத்தின் மாணவர் விவரங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு மாணவியின் பதிவு இலக்கம் 00417. ஒரு நாள் காலை பார்த்தால் அதே பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று 00417, மற்றது 417. குறுஞ்செய்தி அனுப்பும் பட்டியலில் பெற்றோரின் கைபேசி இலக்கங்கள் பத்து எண்களுக்குப் பதிலாக ஒன்பது எண்களோடு நின்றன. 077, 076 என்று தொடங்க வேண்டியவை 77, 76 என்று தொடங்கின.

விவரங்கள் தினமும் இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் பதிவு மென்பொருளிலிருந்து கூகுள் ஷீட்ஸுக்குப் போகும். அலுவலகத்தில் அதில் திருத்தங்கள் செய்வார்கள். அப்புறம் அது மென்பொருளுக்குத் திரும்பும். பூச்சியம் போவது அந்த நடு இடத்தில்தான்.

விரிதாளின் ஒரு கட்டத்தில் 00417 என்று போட்டால் அது முதலில் கேட்கும் கேள்வி, 'இது எண்ணா, எழுத்தா?' என்பது. எண்கள் மட்டுமே இருப்பதால் எண் என்று முடிவு செய்துவிடும். எண்ணாகச் சேமிக்கும்போது அங்கே பதிவாவது பெறுமதி மட்டும். நானூற்றுப் பதினேழு என்ற பெறுமதிக்கு முன்னால் இரண்டு பூச்சியம் இருந்ததைக் குறித்துவைக்க அந்தச் சேமிப்பு முறையில் இடமே இல்லை. பூச்சியம் மறைந்து நிற்கவில்லை, உண்மையிலேயே இல்லாமல் போய்விடுகிறது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கங்களுக்கு எங்கள் பட்டியலில் ஒன்றுமே ஆகவில்லை. ஒன்பது எண்களுக்குப் பின்னால் வரும் V என்ற ஒற்றை எழுத்து அவற்றைக் காப்பாற்றியது.

காலையில் நான் பதிவு இலக்கங்கள் உள்ள நிரலை 'வெறும் எழுத்து' என்ற வடிவத்துக்கு மாற்றி, இலக்கங்களைத் திருத்தி வைத்தேன். மறுநாள் பழையபடி 417. மூன்றாம் நாளும் அப்படித்தான். அப்போதுதான் இரவில் ஓடி விவரங்களை ஷீட்ஸில் போடும் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே `clear()` இருந்தது. அது கட்டங்களில் உள்ளதை மட்டும் அழிப்பதில்லை, நாம் போட்டுவைத்த வடிவத்தையும் சேர்த்து அழித்துவிடும். அதற்கு அடுத்து வரும் `setValues()`, ஒருவர் கையால் தட்டச்சு செய்தது போலவே விவரத்தை உள்ளே போடும். வடிவம் இல்லாத கட்டம் மறுபடியும் 'எண்' என்று முடிவெடுக்கும். நான் பகலில் கட்டியதை அது இரவில் பிரித்துக்கொண்டிருந்தது.

திருத்தம் மூன்று வரிதான்:

```
sheet.clearContents();
textRange.setNumberFormat("@");
range.setValues(rows);
```

`clearContents()` வடிவத்தைத் தொடாது. `"@"` என்பது 'இது எழுத்து' என்று சொல்லும் குறி. அது விவரம் வருவதற்கு முன்பே கட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் போட்டால், ஏற்கெனவே பூச்சியம் போன 417 எழுத்தாக மாறும், அவ்வளவுதான். இங்கே `range` என்பது விவரம் முழுவதும் போய் விழும் இடம், `textRange` என்பது அதில் பதிவு இலக்கமும் தொலைபேசியும் உள்ள நிரல்கள் மட்டும். கட்டணம் உள்ள நிரலுக்கும் இதைப் போட்டால் அது எழுத்தாகிவிடும், `SUM` அதைக் கூட்டாமல் விட்டுவிடும்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சிலர் கட்டத்துக்கு `00000` என்ற வடிவம் போடுவார்கள். கண்ணுக்கு 00417 என்றே தெரியும், ஆனால் உள்ளே இருப்பது 417. ஸ்கிரிப்ட் `getValues()` மூலம் வாசித்தால் 417தான் கிடைக்கும், `getDisplayValues()` மூலம் வாசித்தால்தான் 00417 வரும். எங்கள் மாணவிக்கு இரண்டாவது பதிவு வந்ததும் இப்படி 417 திரும்பிப் போனதால்தான். மென்பொருள் 417 என்று தேடியது, கிடைக்கவில்லை, புதிய மாணவி என்று எடுத்துக்கொண்டது. கண்ணால் சோதிக்க வேண்டுமானால், நீங்களாக ஓரத்தை மாற்றாத நிரலில் எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். சந்தேகம் இருந்தால் `=ISTEXT(A2)` போட்டுப் பாருங்கள்.

சரி, ஏற்கெனவே போனதை மீட்கலாமா? நீளம் நிலையானதாக இருந்தால் மீட்கலாம். எங்கள் பதிவு இலக்கங்கள் எல்லாமே ஐந்து எண்கள் என்பதால் `=TEXT(A2,"00000")` போதும். இலங்கைக் கைபேசி இலக்கம் ஒன்பது எண்களோடு இருந்தால் முன்னால் ஒரு 0 சேர்க்கலாம். ஆனால் எல்லா வரிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. சிலர் 94 என்ற நாட்டுக் குறியோடு கொடுத்திருப்பார்கள், அவை பதினொரு எண்களாக இருக்கும்.

நீளம் மாறி மாறி வரும் இலக்கங்களில் நிலைமை வேறு. 417 என்று ஒருவரும் 0417 என்று இன்னொருவரும் உண்மையிலேயே இருந்தால், இரண்டும் 417 ஆனபின் எது யாருடையது என்று அந்த விரிதாளை வைத்துச் சொல்ல முடியாது. முந்தைய இரவின் காப்புப் பிரதியைத்தான் தேடிப் போக வேண்டும்.