வெனிஸில் வாங்கு, லண்டனில் கொடு: மாற்றுச்சீட்டு வேலை செய்த விதம்

வங்கியின் ஏற்றுமதி பில் பிரிவில் இருப்பதால், பில் என்று நாங்கள் சொல்லும் மாற்றுச்சீட்டுகள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவரும் ஏற்றுமதியாளர்களில் பாதிப்பேர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள், 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்' என்கிறார்கள். அது ஃபார்மாலிட்டி இல்லை. அந்தச் சீட்டில் எதற்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய வணிகர்களைப் பார்த்தால் சட்டென்று புரியும்.

வெனிஸில் ஒருவர் கையில் 500 டூகாட் தங்கக் காசு இருக்கிறது, ஆனால் அவருக்குப் பணம் தேவைப்படுவது லண்டனில், ஆங்கிலேயக் கம்பளி வாங்க. அதே வெனிஸில் இன்னொருவருடைய மிளகும் பட்டும் லண்டனில் விற்று, பணம் அங்கே அவருடைய கூட்டாளியிடம் கிடக்கிறது. அவருக்கோ இங்கே உடனே காசு வேண்டும். முதலாமவர் 500 டூகாட்டை இரண்டாமவரிடம் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இரண்டாமவர் லண்டன் கூட்டாளிக்கு நாலைந்து வரியில் ஒரு கடிதம் எழுதித் தருகிறார்: இன்னாரிடம் இங்கே 500 டூகாட் பெற்றுக்கொண்டேன், டூகாட்டுக்கு 47 பென்ஸ் வீதம் அங்கே இன்னாருக்குக் கொடுத்து என் கணக்கில் எழுதிக்கொள். கணக்குப் போட்டால் 23,500 பென்ஸ், அதாவது 97 பவுண்டு 18 ஷில்லிங் 4 பென்ஸ். லண்டனில் கம்பளி வாங்கப்போகும் ஆள் அதைப் பெற்றுக்கொள்கிறார். ஒன்றேமுக்கால் கிலோ தங்கம் கப்பலும் ஏறவில்லை, கொள்ளைக்காரன் கண்ணிலும் படவில்லை. போனது அந்தக் கடிதம் மட்டும். அதுதான் மாற்றுச்சீட்டு.

காகிதமும் தொலையலாமே? அதனால்தான் ஒரே சீட்டை இரண்டு மூன்று பிரதி எழுதி வெவ்வேறு தபாலில் அனுப்பினார்கள், 'இந்த முதல் கடிதத்துக்குப் பணம் கொடு' என்று குறித்து. இன்றைய ஏற்றுமதி பில்லிலும் முதல், இரண்டாவது என்று அச்சடித்திருக்கும். ஒன்றுக்குப் பணம் தந்தால் மற்றது செல்லாது. போலியைக் கண்டுபிடிக்க முத்திரையைவிட கையெழுத்தையே நம்பினார்கள். சீட்டை வணிகரே கைப்பட எழுதுவார், அல்லது அதிகாரம் பெற்ற கிளை மேலாளர் எழுதுவார். அவர்களுடைய எழுத்தின் மாதிரி மறுமுனையில் முன்கூட்டியே இருக்கும். கூடவே தனிக் கடிதத்தில் 'இப்படி ஒரு சீட்டு வரும்' என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, இதில் வட்டி எங்கே? வெனிஸ்–லண்டன் சீட்டுக்கு வழக்கமான தவணை 3 மாதம். இன்று காசு கொடுத்தவருக்கு 3 மாதம் கழித்து வேறு ஊரில், வேறு நாணயத்தில் பணம் வரும் என்றால் அது கடன்தான். ஆனால் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றது, நாணய மாற்றைப் பெரும்பாலும் அனுமதித்தது. எனவே லாபம் விகிதத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. லண்டனில் கிடைத்த அந்த 23,500 பென்ஸைக் கம்பளியில் போடாமல், அங்கே டூகாட்டுக்கு 44 பென்ஸ் விகிதத்தில் வெனிஸுக்குத் திரும்பும் இன்னொரு சீட்டில் போட்டால், அடுத்த 3 மாதத்தில் 534 டூகாட் சொச்சம் வரும். ஆறு மாதத்தில் 34 டூகாட் லாபம். விகிதம் புரண்டால் நஷ்டமும் வரும். 'லாபம் நிச்சயமில்லை, அதனால் இது வட்டியில்லை' என்று வாதாட அந்த ஆபத்தே அவர்களுக்கு உதவியது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. இரு திசையிலும் வியாபாரம் நடந்தால்தான் ஒருவர் கடன் இன்னொருவர் வரவால் கழியும். ஒரு பக்கமே பாக்கி ஏறிக்கொண்டு போனால் கடைசியில் சரக்கோ வெள்ளியோ நகர்ந்தே ஆக வேண்டும்.

அப்புறம், லண்டன் கூட்டாளி 'என்னிடம் அவர் பணம் இல்லை' என்று கைவிரித்தால்? சீட்டை வைத்திருப்பவர் நோட்டரியிடம் போய் மறுப்பை எழுத்தில் பதிவு செய்வார். அந்தப் பத்திரம் வெனிஸுக்குத் திரும்பும். அங்கே காசு வாங்கிச் சீட்டு எழுதியவர் அசலையும், திரும்புவதற்கான நாணய மாற்றையும், நோட்டரி செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். காசு வாங்கிய நாளிலேயே அவர் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை.

என்னிடம் வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஏற்றுமதி பில்லில் அந்தச் சீட்டு எழுதியவரின் இடத்தில் இருப்பது நீங்கள். வங்கி உங்கள் பில்லை வாங்கிப் பணம் போட்ட பிறகு வெளிநாட்டு இறக்குமதியாளர் மறுத்தால், பொதுவாக வங்கி வட்டியோடும் செலவோடும் உங்களிடமே திரும்பி வரும். பில்லோடு நீங்கள் நிரப்பித் தரும் படிவத்தில், பணம் வராவிட்டால் நோட்டரி மூலம் மறுப்பைப் பதிவு செய்யலாமா வேண்டாமா என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பில் கிளம்பும் முன்பே, அந்த நாட்டில் வழக்குப் போட இந்தப் பதிவு தேவையா, செலவு எவ்வளவு என்று எங்களிடம் கேட்டுவிட்டு அதை நிரப்புங்கள். பில் மறுக்கப்பட்ட பிறகு முடிவெடுக்கலாம் என்றிருந்தால், பல நாடுகளில் பதிவுக்கான கெடு சில நாட்களிலேயே போய்விடும்.