ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வந்தால் உங்கள் ஈஆர்பி என்ன செய்யும்?

கோவையில் பம்ப் செட் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஷிப்ட் முடியும்போது மெஷின் திரையில் 400 என்று இருக்கிறது, ஈஆர்பியில் 412. அங்கே உற்பத்திக் கணக்கை யாரும் கையால் ஏற்றுவதே இல்லை, அதனால் ஆள் மேல் பழி போடவும் வழியில்லை.

ஒவ்வொரு பீஸ் முடிந்ததும் மெஷினிலிருந்து "ஒன்று முடிந்தது" என்று ஒரு மெசேஜ் ராபிட்எம்க்யூ வரிசைக்கு வரும், நாங்கள் எழுதிய மிடில்வேர் அதை எடுத்து ஈஆர்பியில் ஏற்றிவிட்டு வரிசைக்கு "வாங்கிக்கொண்டேன்" என்று ஒப்புதல் தரும். அன்றைக்கு மாதக் கடைசி, கணக்குப் பிரிவின் ரிப்போர்ட்டுகள் ஓடியதில் ஈஆர்பி திணறிக்கொண்டிருந்தது. மிடில்வேர் 30 நொடி காத்திருந்து பதில் வராததால் தோல்வி என்று நினைத்து மெசேஜைத் திரும்ப வரிசையில் போட்டது, ஆனால் ஈஆர்பியோ கொஞ்ச நேரம் கழித்து அதைச் சேமித்தே விட்டது. இப்படி 12 தடவை.

சரி, ஒப்புதலை முதலிலேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒப்புதல் போன பிறகு புரோகிராம் நின்றுபோனால் அந்த மெசேஜ் தொலைந்தே போச்சு.

மெஷின் பக்கம் தீர்வு எளிது. "ஒன்று முடிந்தது" என்பதற்குப் பதில் "இந்த ஷிப்ட்டில் இதுவரை 400" என்று மொத்தக் கணக்கை அனுப்பச் சொன்னோம். அதே மெசேஜ் பத்து தடவை வந்தாலும் 400 தான். ஷிப்ட் எண்ணும் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் கவுன்ட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பும்போது குழப்பம்.

பணத்துக்கு இது ஒத்துவராது. நம் சர்வர் சில நொடிகளுக்குள் 200 என்று பதில் சொல்லாவிட்டால் பேமென்ட் கேட்வே அதே தகவலை மறுபடி அனுப்பும். ஒரு டீலர் கட்டிய ₹48,500-க்கு ரெண்டு ரசீது விழுந்து, இல்லாத முன்பணத்துக்குச் சரக்கும் கிளம்பிவிட்டது. அதனால் தகவல் வந்ததும் கையெழுத்தைச் சரிபார்த்து, வரிசையில் பத்திரமாக விழுந்ததை உறுதி செய்து, உடனே 200 சொல்லிவிடுங்கள். ரசீது போடும் வேலை அப்புறம், அதுவும் இப்படி:

```sql
INSERT INTO payment_inbox (payment_id)
VALUES ('pay_A1')
ON CONFLICT DO NOTHING;
```

`payment_id` மேல் யுனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஒரு வரியும் சேரவில்லை என்றால் ஏற்கெனவே வந்தது, ஒப்புதல் கொடுத்துவிட்டு விட்டுவிடலாம். "முதலில் தேடிப்பார், இல்லையென்றால் சேர்" என்று எழுதினால் ஒரே நேரத்தில் ஓடும் ரெண்டு புரோகிராம்களும் "இல்லை" என்றே பார்க்கும்.

இந்த வரியும் ரசீதும் ஒரே டிரான்ஸாக்ஷனில் இருந்தால்தான் பலன். ஈஆர்பி ஏபிஐ வழியாக மட்டுமே வாங்கும் என்றால் அது முடியாது. அப்போது ரசீதின் ரெஃபரன்ஸ் கட்டத்திலேயே பேமென்ட் எண்ணைப் போட்டு, அது ரெண்டு முறை வரக் கூடாது என்று ஈஆர்பியிலேயே கட்டுப்பாடு வையுங்கள்.

நான் இப்போது எந்த இடத்திலும் லைவ் போகும் முன், ஈஆர்பி சேமித்த பிறகு, ஒப்புதல் போவதற்கு முன் மிடில்வேரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டு, லெட்ஜரில் எத்தனை ரசீது இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன்.