491 விசா: அந்த 15 பாயிண்டுக்கு ஈடாக நீங்கள் கொடுப்பது என்ன?

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கமிருந்து ஆஸ்திரேலியா விசா விஷயமாக என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்போதெல்லாம் 491 என்ற எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைகிறார்கள். பெரிய நகரத்தை விட்டுத் தள்ளிக் குடியேறுகிறவர்களுக்கான இந்த விசாவை வாங்கினால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான பி.ஆர். சுலபம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் எது சுலபம், எது சுலபம் இல்லை என்பதை அநேகம் பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் போடுகிற கட்டத்தில் பயப்படுகிறார்கள், விசா கையில் வந்த பிறகு அலட்சியமாகிவிடுகிறார்கள்.

முதலில் அந்தப் பயம். மகன் போகப்போகிற இடம் 'ரீஜனல்' என்று கேட்டதும் அம்மாக்கள் கலங்கிவிடுகிறார்கள். "ஏனுங்க சார், காட்டுக்குள்ள போயா இருக்கோணும்?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். இந்த விசாவின் கணக்கில் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரப் பகுதிகளைத் தவிர மற்ற எல்லாமே ரீஜனல். பெர்த் ரீஜனல், அடிலெய்டு ரீஜனல், தலைநகரமான கான்பெராவும் ரீஜனல். கோல்ட் கோஸ்ட், நியூகாசில், ஜீலாங், ஹோபார்ட் எல்லாம் அதில்தான் வருகின்றன. பெர்த்தில் 20 லட்சத்துக்கு மேல் ஜனம். காட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் ஆகியவற்றுக்குப் பாயிண்ட் போட்டு, அதிகம் உள்ளவர்களைத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க அழைக்கிறார்கள். ஒரு சிவில் இன்ஜினியர் தம்பியின் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2022-ல் விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 33, அதற்கு 25 பாயிண்ட். பி.இ. பட்டத்துக்கு 15. ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 7 எடுத்திருந்தார், அதற்கு 10. மனைவியும் ஆங்கிலத் தேர்வில் தேவையான அளவு எடுத்திருந்ததால் 5. மிச்சம் இருந்தது அனுபவம். கோயம்புத்தூரில் கட்டுமான வேலையில் எட்டு வருடம் இருந்தவர். எட்டு வருடத்துக்கு 15 பாயிண்ட் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு வருடச் சம்பளம் ரொக்கமாக வந்தது. சம்பளச் சீட்டு இல்லை, பி.எஃப். இல்லை, பாங்க் பாஸ்புக்கில் வரவும் இல்லை. காட்ட முடிந்தது ஆறு வருடம்தான், ஆகவே 10. எல்லாம் சேர்த்து 65.

65 என்பது வரிசையில் நிற்பதற்கான குறைந்தபட்சம். அதை வைத்து யாருடைய ஆதரவும் இல்லாத 189 விசாவுக்கு அழைப்பு வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒரு மாநிலம் இவர் எங்களுக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தால், அதாவது நாமினேட் செய்தால், கிடைக்கிற 190 விசாவில் 5 கூடும், 70 ஆகும். அதே மாநிலம் 491-க்கு நாமினேட் செய்தால் 15 கூடும், 80 ஆகும். சுலபம் என்று எல்லோரும் சொல்வது இந்த 15-ஐத்தான். இது உள்ளே நுழையும் வாசலில் மட்டும் கிடைக்கிற சலுகை. 189, 190 இரண்டும் கையில் வந்த நாளிலேயே பி.ஆர். ஆனால் 491 என்பது ஐந்து வருடத் தற்காலிக விசா. அதை வைத்திருந்து மூன்று வருடம் ஆன பிறகு 191 என்ற இன்னொரு விசாவுக்குத் தனியாக விண்ணப்பித்தால்தான் பி.ஆர். தானாக மாறாது.

நாமினேஷன் தருவது மாநில அரசு. எந்தத் தொழில் வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்று வருடா வருடம் அவர்களே முடிவு செய்கிறார்கள். பணம் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாநிலம் இல்லாவிட்டால் சொந்தக்காரர் ஸ்பான்சர் செய்யவும் வழி இருக்கிறது. அண்ணன் தங்கை மட்டும் இல்லை, சித்தப்பா, மாமா, அத்தை மகன், பெரியப்பா மகள் வரைக்கும் கணக்கில் வருவார்கள். ஆனால் அவர் அங்கே குடியுரிமையோ பி.ஆரோ பெற்றிருக்க வேண்டும், அவரும் ரீஜனல் பகுதியில் குடியிருக்க வேண்டும். சிட்னியில் பெரிய வீடு கட்டியிருக்கிற மாமாவால் இந்த விசாவுக்குப் பயனில்லை, பெர்த்தில் வாடகை வீட்டில் இருக்கிற அத்தை மகனால் உண்டு. இந்த வழியில் அழைப்பு வருவது குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்தத் தம்பிக்கு 2022 அக்டோபரில் விசா வந்தது. 2023 ஜனவரியில் குடும்பத்தோடு அடிலெய்டு போய்ச் சேர்ந்தார். ஒரு வருடம் எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் மனைவிக்கு மெல்போர்னில் ஒரு கம்பெனியில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. தம்பி எனக்கு போன் செய்தார். "அண்ணா, அவ வாரக் கடைசியில வந்துருவா. வீட்டு அட்ரஸ் அடிலெய்டுதானே, அது போதாதா?"

போதாது. விசா கடிதத்தில் 8579 என்று ஒரு நிபந்தனை எண் இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும் வரை குடியிருப்பது, வேலை பார்ப்பது, படிப்பது மூன்றும் ரீஜனல் பகுதியில் மட்டுமே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றில் ஒன்று வெளியே போனாலும் மீறல். இது விண்ணப்பித்தவரோடு நிற்பதில்லை, கூடப் போன மனைவியின் விசாவிலும் பிள்ளைகளின் விசாவிலும் இதே எண் இருக்கும். அந்தப் பெண் மெல்போர்ன் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தால் அவருடைய விசாவையே ரத்து செய்ய அதிகாரிகளுக்கு இடம் உண்டு. 191-க்குப் போகும்போது நிபந்தனைப்படி நடந்தாரா என்றும் பார்ப்பார்கள்.

ஜீலாங்கில் இருக்கிறவர்கள் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். ஜீலாங் ரீஜனல், வாடகை குறைவு, ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மெல்போர்ன். வீடு இங்கே, வேலை அங்கே என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடாது. மெல்போர்னுக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாம், நான்கு நாள் சுற்றிப் பார்க்கலாம், கோயிலுக்குப் போகலாம், அதற்குத் தடையில்லை. ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருப்பதும் மீறல் ஆகாது, ஏனென்றால் நிபந்தனை ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும் நாட்களுக்குத்தான்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சம்பளம் கொடுக்கிற கம்பெனி ஒவ்வொரு சம்பளத்தையும் வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. வரித்துறையும் குடிவரவுத் துறையும் விசாக்காரர்களின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அதுவும் போக, வீடு மாறினாலோ வேலை மாறினாலோ, போன் நம்பரோ பாஸ்போர்ட்டோ மாறினாலோ 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 8578 என்ற நிபந்தனையும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பெண் மெல்போர்ன் வேலையை விட்டுக்கொடுத்தார். சில மாதம் கழித்து அடிலெய்டிலேயே சம்பளம் குறைந்த ஒரு வேலையில் சேர்ந்தார். எனக்கு அது லேசான விஷயமாகத் தோன்றவில்லை. விண்ணப்பம் போடும்போதே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, இருவர் தொழிலுக்கும் அந்த ஊரில் வேலை இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. இப்போது மனைவியும் கூட வராமல் நான் யாரிடமும் 491 பற்றிப் பேசுவதில்லை.

பிடிக்காவிட்டால் வேறு விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 491 வாங்கியவர் அதை மூன்று வருடம் வைத்திருக்கும் முன் 189, 190, கம்பெனி ஸ்பான்சர் செய்கிற 186 எதற்கும் போக முடியாது. அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கிருந்தபடி போடுகிற துணைவர் விசாவுக்கும் இதே தடை. முதலில் 491-ல் போய்விட்டு ஆறு மாதத்தில் 190-க்கு மாற்றித் தருகிறேன் என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து வரிக் காகிதம். 191-க்கு மூன்று வருமான வருடங்களுக்கான நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் வேண்டும். வரிக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு அங்குள்ள வரித்துறை அனுப்புகிற மதிப்பீட்டுக் கடிதம் இது. கம்பெனி தரும் சம்பளச் சான்று இதற்கு ஈடாகாது. இவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பு இப்போது இல்லை. முன்பு வருடம் 53,900 டாலர் வேண்டும் என்று பேச்சு இருந்தது, இன்றும் சிலர் அதையே சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வருமானம் குறைவு, வரி கட்ட வேண்டியதில்லை என்று கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். தாக்கல் செய்யாவிட்டால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் அந்த வருடம் கணக்கில் இல்லை.

அங்கே வருமான வருடம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். நம் தம்பி ஜனவரியில் போய் பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்ததால் ஜூன் வரையிலான அந்த ஐந்து மாதச் சம்பளத்துக்கே 2022-23-க்கான கடிதம் கிடைத்தது. 2023-24, 2024-25 சேர்த்து மூன்று. விசா வந்த நாளிலிருந்து மூன்று வருடம் 2025 அக்டோபரில் முடிந்தது, போய் இறங்கிய நாளிலிருந்து எண்ணத் தேவையில்லை. ஆகவே அக்டோபர் கடைசியிலேயே விண்ணப்பம் போட முடிந்தது. இவரே வீட்டு விசேஷம், வாடகை ஒப்பந்தம் என்று தள்ளிப்போட்டு 2023 ஜூலையில் போயிருந்தால் முதல் வருடம் கைவிட்டுப் போயிருக்கும். மூன்றாவது கடிதத்துக்கு 2026 ஜூலை வரை காத்திருக்க வேண்டும். விசா கடிதத்தில் முதலில் நுழைய வேண்டிய கடைசி நாள் என்று ஒன்று போட்டிருப்பதால் எல்லோரும் அதை மட்டும் பார்த்து டிக்கெட் போடுகிறார்கள். ஜூன் 30-ஐயும் பாருங்கள்.

பிளஸ் டூ வயதில் பிள்ளை இருக்கிற குடும்பங்களுக்கு ஒன்று. அந்தப் பிள்ளையும் 491-ல்தான் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் 191 வரும் வரை அங்கே போய்ப் படிக்க முடியாது. அடிலெய்டு, பெர்த், கான்பெரா, ஹோபார்ட் எல்லாவற்றிலும் நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, எந்தப் பாடம் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளையிடம் காட்டி, அது சம்மதித்த ஊரைக் கொண்ட மாநிலத்துக்கு நாமினேஷன் கேளுங்கள்.