‘கிளீன் ஏஜென்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சர்வர் அறைக்கான ஒப்பந்தப்புள்ளி ஒன்றின் தமிழாக்கத்தில் ‘தூய்மை முகவர்’ என்றொரு தொடரைக் கண்டேன். கிளீன் ஏஜென்ட் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவு அது. ஏஜென்ட் என்பது, ‘செய்’ எனப் பொருள்படும் ‘அகெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. காப்பீட்டு முகவரும் தீயை அணைக்கும் பொருளும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் பெற்றது அதனால்தான். தமிழிலோ முகவர் உயர்திணை. கிளீன் என்பதும் இங்கே தூய்மையைக் குறிக்கவில்லை. மின்சாரம் கடத்தாமல், ஆவியானபின் எச்சம் வைக்காமல் தீயை அணைக்கும் பொருள் என்பதே அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 2001 எனும் எண்ணுள்ள தரநிலை தரும் வரையறை. ஆகவே ‘எச்சமிலா அணைவளி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

கார்பன் டை ஆக்சைடும் எச்சம் வைப்பதில்லை. ‘கார்பானிக் அமில வாயு’ என்ற பழைய ஆங்கில வழக்கின் தடம் நம் ‘கரியமில வாயு’வில் இருக்கிறது, இலங்கையில் அது ‘காபனீரொட்சைட்டு’. ஆனால் அறை முழுவதையும் நிரப்பி அணைக்க அது குறைந்தது 34 விழுக்காடாவது வேண்டும்; அந்த அளவு ஆளைக் கொன்றுவிடும். அதனால் அதற்குத் தனித் தரநிலை உண்டு; ஆட்கள் வேலை செய்யும் அறைக்கு அது ஏற்றதன்று.

எச்சமின்மை என்ற அதே பண்புதான் அறையை அடைத்துவைக்கும் கட்டாயத்தையும் கொண்டுவருகிறது. தீயணைப்புப் பொடி விழுந்த இடத்திலேயே கிடக்கும், வளி கிடக்காது. நூறு கன மீட்டர் அறையில் எச்எஃப்சி-227இஏ என்னும் வளியை 8 விழுக்காட்டில் நிரப்ப, 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 63 கிலோ தேவை. அது பத்தே நொடிகளில் பாய்ந்து முடிந்துவிடும்; உருளையில் இரண்டாம் முறைக்கு எதுவும் மிஞ்சியிராது. தீச்சுடர் உடனே அடங்கினாலும் மின்கம்பியின் சூடு அடங்கியிராது, தீ மீண்டும் பற்றக்கூடும் என்பதால், பாதுகாக்க வேண்டிய கருவிகளின் உச்சி வரை அணைவளி பொதுவாகப் பத்து நிமிடமாவது நிலைத்திருக்க வேண்டும்.

அணைவளியும் அறைக்காற்றும் சேர்ந்த இந்தக் கலவை வெறும் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது. உயர்த்தப்பட்ட தரைக்கு அடியில், புதிய கேபிளுக்காகச் சுவரில் துளையிட்டுவிட்டு அடைக்க மறந்திருந்தால், கலவை அதன் வழியே கீழே வடிய, கூரையருகே உள்ள இடுக்குகளால் வெளிக்காற்று உள்ளே இறங்கும். முதலில் காப்பிழப்பவை ரேக்கின் மேல்தட்டுச் சர்வர்களே. கதவில் விசிறி பொருத்தி அறையின் அழுத்தத்தை மாற்றிப் பார்க்கும் சோதனையில், புகைக்குச்சியின் மெல்லிய இழை எந்தத் துளையை நோக்கி வளைகிறதோ அங்கே கசிவு இருக்கிறது.

‘அடைத்த அறை’ என்பதையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாகாது. வளி பாயும்போது எழும் அழுத்தம் சுவரைத் தள்ளாதிருக்க, தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் அழுத்தத் தணிப்பு வாயில் ஒன்று அதில் இருந்தாக வேண்டும்.